கம்பெனிப் பதிவைப் பகிர்ந்தால் விளம்பரம் போல ஒலிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லிங்க்ட்இனில் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனியின் செய்தியையோ வேலை அறிவிப்பையோ பகிர்கிறீர்கள். ஏதோ சரியாக அமையவில்லை. என்ன சரியில்லை என்பது வெளியே தெரியும் அறிகுறியிலிருந்தே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆகவே கீழே அறிகுறி முதலில், காரணம் அடுத்து, திருத்தம் கடைசியில் என்று வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

உதாரணத்துக்குக் கடைசிவரை ஒரே கேஸை எடுத்துக்கொள்வோம். கோவையில் போர்வெல் மோட்டார் தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்று. அதன் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர். கம்பெனியும் ஆளும் கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட பதிவுகளைக் கோவைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அறிகுறி 1: பகிர்ந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை

முதலில் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். கம்பெனிப் பக்கத்தின் பதிவுக்குக் கீழே உள்ள Repost-ஐத் தொட்டால் இரண்டு வழிகள் வரும். வெறும் Repost என்பது மூலப் பதிவை அப்படியே உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்குக் காட்டும். அதில் உங்கள் சொல் ஒன்றுகூட இருக்காது. வரும் லைக்கும் கமெண்ட்டும் கம்பெனியின் பதிவுக்கே போய்ச் சேரும். "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்பவர்களில் கணிசமானோர் இதைத்தான் செய்திருப்பார்கள். Repost with your thoughts என்பது வேறு. மேலே நீங்கள் எழுதும் பகுதி, கீழே பெட்டிக்குள் கம்பெனியின் பதிவு. இது உங்கள் பதிவாகவே நிற்கும்.

வெறும் Repost தப்பில்லை. அதற்கு இடம் உண்டு: உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் யாருக்காவது பயன்படக்கூடிய அறிவிப்பு என்றால் அது போதும். பேச்சு கிளம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது போதாது.

இரண்டாவது வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவின் முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும். மிச்சம் more என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த முதல் வரியில் "மகிழ்ச்சியுடன் பகிர்கிறேன்" என்று எழுதினால் கிடைத்த இடம் முழுவதும் தீர்ந்துபோகிறது. கீழே இருக்கும் கம்பெனிப் பதிவும் அதையேதான் சொல்கிறது என்பதால், படிப்பவர் கண்ணில் படுவது இரண்டு முறை சொல்லப்பட்ட ஒரு வாழ்த்துதான்.

நம் கேஸில் கம்பெனிப் பக்கம் இப்படிப் போடுகிறது: "உலகத்தரம் வாய்ந்த புதிய டெஸ்டிங் வசதி திறப்பு! தரத்தில் சமரசம் இல்லை!" டெஸ்டிங் பிரிவு ஊழியர் இதற்கு மேலே எழுத வேண்டியது அந்தப் பக்கத்தால் எழுத முடியாத ஒன்றை. உதாரணமாக: "8 அங்குல மோட்டாரை முழு லோடில் ஓட்டிப் பார்க்க இதுவரை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அனுப்பி, வரிசையில் நின்று, ரிப்போர்ட் வருவதற்குள் உற்பத்தி காத்திருக்கும். இந்த வாரத்திலிருந்து இங்கேயே ஓட்டுகிறோம்." பெருமைப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பம்ப் தொழிலில் இருப்பவர் எவரும் இதில் நின்றுவிடுவார், ஏனென்றால் அந்தக் காத்திருப்பு அவருக்கும் தெரியும்.

இதைக்கூடக் கம்பெனிப் பதிவோடு ஒட்டாமல், தனிப் பதிவாகவே போட்டு, கம்பெனிப் பக்கத்தை @ போட்டு ஒரே ஒரு முறை டேக் செய்வது இன்னும் நல்லது. மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் பெட்டின் படத்தை நீங்களே மொபைலில் எடுத்துப் போடலாம். டிசைன் டிபார்ட்மெண்ட் செய்த பேனர் வேண்டாம். படம் எடுக்கும் முன் பின்னால் உள்ள போர்டு, வாடிக்கையாளர் பெயர் எழுதிய லேபிள், திரையில் ஓடும் ரீடிங் எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பெனிப் பதிவைத் தாங்கி நிற்கும் பகிர்வில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பக்கத்தின் நிர்வாகி மூலப் பதிவை எடுத்துவிட்டால், உங்கள் வரிகளுக்குக் கீழே காட்ட எதுவும் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால், பதிவை யார் பார்க்கலாம் என்ற அமைப்பைப் பாருங்கள். Connections only என்று இருந்தால் உங்கள் தொடர்பைத் தாண்டி அது போகாது. எப்போதோ ஒரு சொந்த விஷயத்துக்காக மாற்றி வைத்தது அப்படியே கிடந்திருக்கும். வேலை அறிவிப்புக்கு அது Anyone என்று இருக்க வேண்டும்.

அறிகுறி 2: லைக் எல்லாம் உடன் வேலை பார்ப்பவர்களிடமிருந்து மட்டும்

எச்ஆர் மெயில் அனுப்புகிறது: "கீழே உள்ள வாசகத்தை எல்லோரும் இன்று காலை 11 மணிக்குப் பகிரவும்." பத்துப் பேர் அதையே ஒட்டுகிறார்கள். வெளியாள் ஒருவருக்கு அந்தக் கம்பெனியில் நான்கு பேரைத் தெரியும் என்றால், அவர் திரையில் ஒரே வாசகம் நான்கு முறை வருகிறது. இரண்டாவது முறையே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். அதன்பின் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்வதோடு கதை முடியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. நீங்கள் எழுதியதை உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் பெயரில் போட்டால் பொருந்துமா என்று பாருங்கள். எழுத்து மாறாமல் பொருந்தினால் அது உங்கள் பதிவு இல்லை, எச்ஆர் மெயில்தான். கம்பெனியில் விற்பனைப் பிரிவு ஆள், கணக்குப் பிரிவு ஆள், டெஸ்டிங் ஆள் என்று மூன்று பேர் ஒரே செய்தியைப் பகிர்ந்தாலும் மூன்று வரி வேறாக இருக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்காரருக்குப் புதிய டெஸ்டிங் பெட் என்றால் வெளி ஆய்வகக் கட்டணம் மிச்சம். விற்பனைக்காரருக்கு டெலிவரி தேதி முன்னால் வருவது.

எச்ஆரில் இருந்து இதைப் படிப்பவருக்கு ஒரு வார்த்தை: வாசகம் அனுப்பாதீர்கள், விவரம் அனுப்புங்கள். வேலையின் பெயர், இடம், சம்பள வரம்பு, கடைசி தேதி, லிங்க், வெளியே சொல்லக்கூடாதவை. இந்த ஆறும் போதும். வாக்கியத்தை அவரவர் அமைத்துக்கொள்ளட்டும். எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஒரு வாரத்துக்குப் பரவலாக வந்தால் அறிவிப்பு நீண்ட நாள் கண்ணில் படும்.

பதிவின் அடியில் பன்னிரண்டு ஹேஷ்டேக் தொங்குவதும், கம்பெனி இயக்குநரிலிருந்து டிரெயினி வரை எல்லோரையும் டேக் செய்வதும் இதே நோயின் இன்னொரு முகம். படிப்பவருக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. தொழிலையும் ஊரையும் குறிக்கும் இரண்டு ஹேஷ்டேக் போதும், இல்லாவிட்டாலும் குடிமுழுகாது.

அறிகுறி 3: வேலை அறிவிப்புக்குக் கமெண்ட் குவிகிறது, சரியான விண்ணப்பம் வரவில்லை

எல்லாவற்றிலும் அதிகம் காண்பது இதுதான். கமெண்ட்டில் Interested என்று அறுபது பேர். CFBR என்று இருபது பேர். CFBR என்றால், பதிவு நாலு பேரைச் சேரட்டும் என்று போடும் உதவிக் கமெண்ட். நல்ல மனசோடு போடுகிறார்கள்தான். ஆனால் Interested போட்டவர்களில் பலர் விண்ணப்பித்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கமெண்ட் எதுவும் கம்பெனியின் விண்ணப்பப் பட்டியலுக்குள் தானாகப் போகாது. எச்ஆர் ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்கவும் மாட்டார்.

இதைத் தூண்டியது பெரும்பாலும் பதிவுதான். "ஆர்வமுள்ளவர்கள் கமெண்ட் செய்யவும்", "லைக் போட்டு நண்பர்களைச் சேருங்கள்" என்று எழுதியிருப்பீர்கள். இப்படி வெளிப்படையாக லைக்கும் கமெண்ட்டும் கேட்கும் பதிவுகளை முன்னிறுத்த மாட்டோம் என்று லிங்க்ட்இன் 2022இலேயே அறிவித்துவிட்டது. ஆக அந்த வரியால் தளத்திலும் லாபமில்லை, வேலை தேடுபவருக்கும் லாபமில்லை.

இரண்டாவது காரணம், பதிவு யாரையும் ஒதுக்குவதில்லை. எல்லோரையும் கூப்பிடும் அறிவிப்பைப் பார்த்துச் சரியான ஆள் ஒதுங்கிக்கொள்வார். நல்ல வேலையில் இருப்பவர் ஒரு அறிவிப்பைப் படிக்கும்போது தேடுவது, இது எனக்கில்லை என்று விலக ஒரு காரணத்தை. அது எதுவுமே சொல்லப்படாவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

நம் கேஸில் எச்ஆர் தந்த வாசகம்:

"வேகமாக வளரும் எங்கள் குடும்பத்தில் இணையுங்கள்! சர்வீஸ் இன்ஜினியர் தேவை. தகுதி: டிப்ளமோ. அனுபவம்: 2–4 ஆண்டுகள். இடம்: கோவை. கவர்ச்சிகரமான சம்பளம். துடிப்பானவர்கள் உடனே விண்ணப்பிக்கவும்!"

டெஸ்டிங் பிரிவு ஊழியர் அதை இப்படி மாற்றுகிறார்:

"சர்வீஸ் இன்ஜினியர் வேலை, கோவை. மாதத்தில் பாதி நாள் பைக்கில்தான் இருப்பீர்கள்.

எங்கள் கம்பெனியில் போர்வெல் மோட்டார் சர்வீஸுக்கு இரண்டு பேர் எடுக்கிறார்கள். நான் அங்கே டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சர்வீஸ் டீமோடு தினமும் பேச வேண்டிய வேலை.

என்ன வேலை: பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் புகார் வந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. மோட்டார் போச்சு என்று சொல்லும் இடத்தில் கோளாறு பேனல் போர்டிலோ கேபிள் ஜாயின்ட்டிலோ இருக்கலாம். மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன்பே மெக்கரும் கிளாம்ப் மீட்டரும் வைத்து அதைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, 2 முதல் 4 வருட அனுபவம், டூவீலர் லைசென்ஸ். ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்த அனுபவத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

யாருக்குச் சரிவராது: ஒரே இடத்தில் இருந்து பார்க்கும் வேலை வேண்டுமென்றால் இது வேண்டாம். மார்ச் முதல் மே வரை ஞாயிறும் அழைப்பு வரும். அதற்குப் பதில் விடுப்பு உண்டு.

சம்பளம்: கையில் மாதம் 22,000 முதல் 28,000 ரூபாய். பெட்ரோல் படி தனி.

விண்ணப்பம்: கம்பெனி இணையதளத்தின் கேரியர்ஸ் பக்கத்தில் மட்டும். லிங்க் கீழே. கடைசி நாள் 20 ஜூன் 2026. கமெண்ட்டில் பெயர் போட்டால் விண்ணப்பம் ஆகாது. எந்தக் கட்டத்திலும் பணம் கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டால் அது மோசடி.

என் பெயரைக் குறிப்பிட்டுச் சேர்ந்தால் எனக்கு ரெஃபரல் தொகை கிடைக்கும். குறிப்பிடாமல் போட்டாலும் தேர்வு ஒன்றுதான்."

இதில் கவனிக்க வேண்டியவை சில. முதல் வரியிலேயே வேலையின் பெயர், ஊர், அதன் கடினமான பகுதி மூன்றும் வந்துவிட்டன. more தொடாமலே ஒருவர் இது தனக்கா இல்லையா என்று முடிவு செய்யலாம். "துடிப்பானவர்" என்பதன் இடத்தில் மெக்கர், கிளாம்ப் மீட்டர் வந்திருக்கிறது. துடிப்பு தனக்கு உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த மீட்டர்களைக் கையில் பிடித்தவர்தான் அடுத்த வரியைப் படிப்பார். ரீவைண்டிங் கடை பற்றிய வரி எச்ஆர் வாசகத்தில் இல்லாதது. உள்ளே கேட்டு உறுதிசெய்துகொண்டு சேர்த்தது. சான்றிதழ் மட்டும் கேட்டால் ஒதுங்கிப்போகும் நல்ல கைக்காரர்களை இந்த ஒரு வரி உள்ளே கொண்டுவரும்.

கோளாறு பற்றிய வரியில் ஒரு எல்லை காக்கப்பட்டிருக்கிறது. எத்தனை மோட்டார் திரும்பி வருகிறது, எந்த மாடலில் அதிகம் என்று எதுவும் இல்லை. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. வேலையை விளக்குகிறேன் என்று புகார்க் கணக்கை வெளியே விட்டுவிடுவது இந்த வகைப் பதிவில் எளிதாக நடக்கும் தவறு.

சம்பளத்தை எழுத எச்ஆர் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காமல் போடாதீர்கள். மறுத்தால் "கவர்ச்சிகரமான" என்று ஒட்டுப்போடுவதைவிட, "சம்பள வரம்பை முதல் அழைப்பிலேயே சொல்வார்கள்" என்று எழுதலாம். அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். தேதியில் வருடம் கட்டாயம் வேண்டும். இப்படிப்பட்ட பதிவு வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். அங்கே வருடமில்லாத "கடைசி நாள் ஜூன் 20" அடுத்தடுத்த ஜூன்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

லிங்க்கைப் பதிவுக்குள் போடலாமா, முதல் கமெண்ட்டில் போடலாமா என்று ஓயாத விவாதம் ஒன்று உண்டு. வேலை அறிவிப்புக்கு எங்கள் தீர்ப்பு தெளிவானது: பதிவுக்குள்ளேயே போடுங்கள். வேலை தேடுபவர் கமெண்ட்டுகளுக்கு நடுவே லிங்க்கைத் துழாவக்கூடாது. நீளமான லிங்க்கை லிங்க்ட்இன் lnkd.in என்று சுருக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுருங்கிய முகவரியைப் பார்த்துச் சந்தேகப்படுபவர்கள் உண்டு, அவர்கள் சந்தேகம் நியாயமானதும்கூட. அதனால்தான் "கம்பெனி இணையதளத்தின் கேரியர்ஸ் பக்கம்" என்று சொல்லாலும் எழுதியிருக்கிறது. தொடப் பயப்படுபவர் தானே போய்த் தேடிக்கொள்ளலாம்.

பதிவு பலன் தந்ததா என்பதை லைக்கை வைத்து அளக்க வேண்டாம். எச்ஆர் ஒப்புக்கொண்டால் லிங்க்கின் வாலில் இப்படி ஒட்டிக்கொள்ளுங்கள்:

```
https://careers.example.com/service-engineer?utm_source=linkedin&utm_medium=employee
```

கம்பெனி இணையதளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற ஏதாவது இருந்தால், ஊழியர் பகிர்விலிருந்து எத்தனை பேர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தனியாகத் தெரியும். எண்பது கமெண்ட் வந்து நான்கு பேர் லிங்க்கைத் தொட்டிருந்தால் பதிவில் கோளாறு. ஆறு கமெண்ட் வந்து முப்பது பேர் தொட்டிருந்தால் பதிவைத் தொடாதீர்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

அறிகுறி 4: தெரியாத எண்களிலிருந்து அழைப்பு, இன்பாக்ஸில் ரெஸ்யூமே

பதிவில் சொந்த மொபைல் எண் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே குழுக்களில் போயிருக்கலாம். சில வாரம் அழைப்பு வரத்தான் செய்யும். எச்ஆரின் நேரடி எண்ணையும் அவர் சம்மதமில்லாமல் போடக்கூடாது. ரெஸ்யூமேயைக் கமெண்ட்டில் ஒட்டுபவர்களிடம் அதை நீக்கச் சொல்லிவிடுங்கள். அதில் அவர்கள் வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும்.

இன்பாக்ஸுக்கு ஒரு பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம். "சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க" என்று வருபவருக்கு: "இப்போது எடுப்பது சர்வீஸ் இன்ஜினியர் மட்டும்தாங்க. லிங்க் இது. வேறு பிரிவு திறந்தால் கம்பெனி கேரியர்ஸ் பக்கத்தில் வரும், என்னிடம் பட்டியல் இல்லை." இவ்வளவுதான். "உங்க ரெஸ்யூமேயை ஃபார்வேர்டு பண்றேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவதுதான் பெயரைக் கெடுக்கும். ரெஃபர் செய்வது என்றால், அந்த ஆள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும், அல்லது அவர் வேலையை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறையக் கம்பெனிகளில் ரெஃபரல் முன்பே பதிவாக வேண்டும். அவர் தானாக விண்ணப்பித்த பிறகு உங்கள் பெயரைச் சேர்ப்பது சிக்கல். எது முதலில் என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டு லிங்க் கொடுங்கள்.

அறிகுறி 5: "எவ்வளவு கொடுத்தாங்க?" என்று கேட்கிறார்கள்

கம்பெனியின் பொருளைப் புகழ்ந்து, அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். புரொஃபைலில் கம்பெனிப் பெயர் இருக்கிறதே என்பது போதாது. பதிவை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் புரொஃபைலைத் திறப்பதில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் விளக்கங்களில் இதையே சொல்கிறது: கம்பெனியின் பொருளைப் பற்றிப் பேசும் ஊழியர், புரொஃபைலில் வேலை இடம் இருக்கிறது என்று விட்டுவிடாமல் பதிவிலேயே சொல்ல வேண்டும். இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் ஏஎஸ்சிஐ 2021இல் இன்ஃப்ளூயன்சர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியும், வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளில் வேலை உறவைச் சேர்த்திருக்கிறது.

திருத்தம் மிகச் சிறியது. "எங்கள் கம்பெனி", "நான் இங்கே டெஸ்டிங்கில் இருக்கிறேன்" என்று முதல் இரண்டு மூன்று வரிக்குள் வந்துவிட்டால் போதும். ரெஃபரல் தொகை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சொன்னால் நம்பிக்கை குறையும் என்ற பயம் வீண். மறைத்தது பிறகு கமெண்ட்டில் வெளிவந்தால்தான் குறையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் Activity பகுதியைத் திறந்து கடைசிப் பத்துப் பதிவைப் பாருங்கள். பத்தில் எட்டு கம்பெனிச் செய்தி என்றால் ஒன்பதாவதை எப்படி எழுதினாலும் விளம்பரமாகத்தான் தெரியும். அதற்கு வாக்கியத்தைத் திருத்திப் பயனில்லை. கம்பெனிப் பெயரே வராமல் உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்கள்: த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் ஏன் எரிகிறது, கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் மெக்கர் ரீடிங் எப்படி விழும். இப்படி எழுதுபவர் மாதம் ஒரு முறை வேலை அறிவிப்பு போட்டால் அதைத் தொழில்காரர்கள் படிப்பார்கள், ஏனென்றால் அவரைப் பின்தொடர்பவர்களே அந்தத் தொழிலில் இருப்பவர்கள்.

அறிகுறி 6: லிங்க்கில் பழைய படம் வருகிறது

கேரியர்ஸ் பக்கத்தை மாற்றிய பிறகும் பழைய தலைப்போ பொங்கல் வாழ்த்துப் படமோ வந்தால், லிங்க்ட்இன் சேமித்து வைத்த பழைய முன்தோற்றம் அது. linkedin.com/post-inspector என்ற பக்கத்தில் முகவரியை ஒட்டி Inspect கொடுங்கள், புதிதாக எடுத்துக்கொள்ளும். அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் பதிவிடுங்கள். அங்கேயும் பழையதே வந்தால் கோளாறு உங்கள் இணையதளத்தில், og:image குறியை மாற்றவில்லை. வெப்சைட் பார்ப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

அறிகுறி 7: கமெண்ட்டில் சங்கடமான கேள்வி

"போன வருஷம் ஆளைக் குறைச்சீங்களே, இப்ப எடுக்கறீங்களா?" "சர்வீஸ் டீமுக்கு ஓவர்டைம் தர்றதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

நீக்கினால் அந்தக் கணமே பதிவு விளம்பரமாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் எப்படியும் இருப்பார். கம்பெனியின் சார்பில் வாதாடுவதும் உங்கள் வேலை இல்லை, அதற்கு உங்களுக்கு அதிகாரமும் இருக்காது. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும், உங்கள் பிரிவைச் சொல்லிப் பதில் தாருங்கள்: "நான் டெஸ்டிங்கில் இருக்கிறேங்க, சர்வீஸ் டீம் ஓவர்டைம் விவரம் எனக்கு நேரடியாகத் தெரியாது. இன்டர்வியூவில் கேளுங்க, எழுத்தில் வாங்கிக்குங்க." ஒரு பதில், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆள்குறைப்பு, வழக்கு, விபத்து பற்றிய கேள்வி என்றால் பதில் எழுதும் முன் கம்பெனியில் அதைப் பேசும் பொறுப்புள்ளவரிடம் காட்டுங்கள். திட்டும் சொல்லோ அடுத்தவர் எண்ணோ இருக்கும் கமெண்ட் வேறு ரகம்; அதை நீக்கத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர் சொல்வது உண்மை என்று உங்களுக்கே தெரிந்தால், இந்த அறிவிப்பை உங்கள் பெயரில் பகிர வேண்டுமா என்பதை அப்போது யோசியுங்கள். பகிரச் சொல்லி வரும் மெயிலுக்கு எல்லா முறையும் ஆம் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி 8: ஆள் எடுத்து முடிந்த பிறகும் விண்ணப்பம் கேட்கிறார்கள்

லிங்க்ட்இனிலேயே போட்ட வேலை மூடப்பட்டால் அங்கே No longer accepting applications என்று வந்துவிடும். உங்கள் பதிவு மட்டும் எதுவும் தெரியாதது போல நின்றுகொண்டிருக்கும். பதிவை நீக்க வேண்டாம். நீக்கினால் லிங்க் வைத்திருப்பவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும், ஏன் என்று தெரியாது. Edit post கொடுத்து முதல் வரிக்கு மேலே "நிரப்பப்பட்டது, 24 ஜூன் 2026" என்று சேர்த்துவிடுங்கள். more தொடாமலே தெரியும் இடம் அதுதான். வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்பிய குழுக்களிலும் அதே வரியை ஒரு முறை போடுங்கள்.

நீங்கள் ரெஃபர் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புவது நல்லது. எச்ஆர் சொல்லட்டும் என்று விட்டால் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. "இந்த முறை வேறொருவரை எடுத்துட்டாங்க தம்பி. காரணம் எனக்குச் சொல்லலை. அடுத்த ஓப்பனிங் வந்தா சொல்லவா?" என்று கேட்டால் போதும். வேண்டும் என்றவர் பெயரை மட்டும் குறித்து வையுங்கள்.